ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி ஆகன் ஹாஸ்டல் வரை: இரண்டு பெட்டி, ஒரு சாவி

கேள்வி: 2026 அக்டோபர் 2, வெள்ளிக்கிழமை காலை 8 மணிக்கு சென்னையிலிருந்து நேரடி விமானத்தில் ஃபிராங்க்ஃபர்ட் வந்து இறங்குகிறேன். ஆகனில் எம்.எஸ். சேருகிறேன். 23 கிலோ பெட்டி இரண்டு, கையில் ஒரு கேபின் டிராலி, ஒரு லேப்டாப் பை. மாணவர் விடுதியில் அறை அக்டோபர் 1-லிருந்து என் பெயரில் இருக்கிறது. சாவி வெள்ளியன்று 11 முதல் 12 வரை கொடுப்பார்கள் என்று மெயில் வந்திருக்கிறது. வெளிநாட்டுப் பயணம் இதுதான் முதல் முறை. டாக்ஸியா, பஸ்ஸா, ரயிலா? அங்கே இருக்கும் அண்ணா, அக்கா யாராவது விவரமாகச் சொல்லுங்களேன்.

பதில்:

ரயில்தான். ஆனால் அதைப் பேசுவதற்கு முன்னால் சாவியைப் பேசிவிடுவோம். ஆகனில் புதிதாக வருகிறவர்களை ஸ்டேஷனில் போய்க் கூட்டி வருகிற பழக்கம் எங்களுக்கு உண்டு. ரயிலைத் தவறவிட்டவர்களைவிட, பூட்டிய கதவுக்கு முன்னால் பெட்டியோடு நின்றவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எட்டு மணிக்கு விமானம் தரையைத் தொடுகிறது. வாசலுக்கு வந்து கதவு திறக்க இருபது நிமிடம். இமிகிரேஷன் வரிசை நன்றாக இருந்தால் அரை மணி, அதே நேரத்தில் இரண்டு மூன்று பெரிய விமானங்கள் இறங்கியிருந்தால் ஒரு மணிக்கு மேல். பெட்டி வர இன்னும் கொஞ்ச நேரம். வெளியே வரும்போது ஒன்பதரை என்றாலே நல்ல நாள். ரயிலடிக்கு நடந்து போய்ச் சேர பத்தேகால் ஆகும் என்று வையுங்கள். அங்கிருந்து ஆகனுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஒரு நிமிடம்கூட வீணாகாமல் எல்லாம் சரியாக நடந்தாலும் ஆகன் ஸ்டேஷனில் கால் வைக்கும்போது 12 தாண்டிவிடும். சாவி கொடுக்கும் நேரம் முடிந்திருக்கும்.

சரி, மறுநாள் வாங்கிக்கொள்ளலாமே என்றால், மறுநாள் அக்டோபர் 3. ஜெர்மனி ஒன்றிணைந்த நாள், தேசிய விடுமுறை. அதற்கு அடுத்த நாள் ஞாயிறு. ஆக சாவி இனித் திங்கட்கிழமை 5-ஆம் தேதிதான். மூன்று இரவு வெளியே தங்க வேண்டிவரும். அதோடு, இங்கே விடுமுறை நாளிலும் ஞாயிறிலும் சூப்பர் மார்க்கெட் எல்லாம் மூடிக்கிடக்கும். நீங்கள் வருகிற வாரத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கடை கிடையாது.

இதற்கு மூன்று வழி இருக்கிறது. முதலாவதும் சிறந்ததும், டிக்கெட்டை ஒரு நாள் முன்னால் தள்ளுவது. அக்டோபர் 1 வியாழன். உங்கள் வாடகை ஒப்பந்தமும் அன்றுதான் தொடங்குகிறது. அன்று காலை இறங்கினால், அன்றைக்குச் சாவி கிடைக்காவிட்டாலும் ஒரே ஒரு இரவு எங்காவது தங்கிவிட்டு வெள்ளி 11 மணிக்கு நிதானமாகப் போய் வாங்கலாம். மாற்றுவதற்கு விமான நிறுவனம் கேட்கும் பணத்தை மூன்று இரவு அறை வாடகையோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது வழி, ஹவுஸ்மாஸ்டருக்கு மெயில். ஜெர்மன் விடுதிகளில் சாவி கொடுப்பவர், குழாய் பழுது பார்ப்பவர், அறையைச் சரிபார்ப்பவர் எல்லாம் இந்த Hausmeister ஒருவர்தான். நம் ஊர் வார்டன் மாதிரி இரவு பகல் அங்கேயே இருப்பவர் இல்லை. அவருக்கென்று வேலை நேரம் உண்டு, பல விடுதிக்கு ஒருவரே பொறுப்பாகவும் இருப்பார். வெள்ளியன்று மதியத்தோடு அலுவலகங்கள் ஓய்ந்துவிடுவது இங்கே வழக்கம். ஆனால் முன்கூட்டியே, இரண்டு மூன்று வாரம் முன்னால், "என் விமானம் இத்தனை மணிக்கு, ஒன்றரை மணிக்கு வரலாமா" என்று பணிவாகக் கேட்டு எழுதினால் பலர் ஒத்துக்கொள்வார்கள். விமான டிக்கெட்டின் நகலையும் கூட வையுங்கள். அன்று காலை ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து போன் பண்ணிக் கேட்டால் நடக்காது.

மூன்றாவது, உங்களுக்காக வேறொருவர் சாவி வாங்குவது. அதற்கு Vollmacht என்கிற அதிகாரக் கடிதம் வேண்டும். ஒரு பக்கம் போதும். உங்கள் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், அறை எண், யாருக்கு அதிகாரம் கொடுக்கிறீர்களோ அவர் பெயர், தேதி, உங்கள் கையெழுத்து, கூடவே பாஸ்போர்ட் நகல். எல்லா விடுதியும் இதை ஏற்காது. ஒப்பந்தத்தில் நேரில் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்று சொல்கிற இடங்களும் உண்டு. அதனால் அந்த மெயிலிலேயே இதையும் கேட்டுவிடுங்கள். சாவி வாங்கித்தர ஆள் இல்லையென்றால் பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகம் நடத்தும் BeBuddy திட்டத்தில் பதிவு செய்யுங்கள். ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் ஒருவரோடு இணைத்துவிடுவார்கள்.

இன்னொன்று. முன்பணமும் முதல் மாத வாடகையும் வந்து சேராமல் பெரும்பாலும் சாவி தர மாட்டார்கள். இந்தியாவிலிருந்து அனுப்பும் பணம் போய்ச் சேரச் சில வேலை நாட்கள் ஆகும். அனுப்பிய ரசீதை போனிலும் காகிதத்திலும் வைத்திருங்கள். வங்கியில் பிளாக்டு அக்கவுண்ட்டில் போட்ட பணம் முதல் நாளில் கைக்கு வராது என்பதையும் மனதில் வையுங்கள். முதல் இரண்டு வாரச் செலவுக்கு ஃபாரெக்ஸ் கார்டும் சின்ன நோட்டுகளாக ஒரு 100, 150 யூரோவும் வேண்டும்.

இப்போது பெட்டிக்கு வருவோம். உங்கள் பட்டியலில் எனக்கு உறுத்துவது 23 கிலோ பெட்டி இரண்டும் இல்லை, அந்த கேபின் டிராலிதான். உங்களுக்குக் கை இரண்டு. பெரிய பெட்டி இரண்டையும் கைக்கு ஒன்றாக உருட்டலாம். மூன்றாவதாகச் சக்கரம் வைத்த ஒன்று வந்துவிட்டால் அதைப் பிடிக்கக் கையே இல்லை. விமான நிலையத்துக்குள் தள்ளுவண்டி இருக்கும்வரை இது தெரியாது. ரயில் மேடையில் வண்டியை விட்டதும் தெரியும். கேபின் டிராலியை வீட்டிலேயே விட்டுவிட்டு, அந்த எட்டு கிலோவைப் பெரிய முதுகுப்பை ஒன்றில் போடுங்கள். லேப்டாப்பும் அதற்குள்ளேயே போகட்டும். இரண்டு கைக்கு இரண்டு பெட்டி, முதுகுக்கு ஒரு பை. தோளில் தொங்குகிற தனிப்பை எதுவும் வேண்டாம், குனிகிறபோதெல்லாம் முன்னால் வந்து விழும்.

பெட்டியைக் கட்டி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு பெட்டி, முதுகுப்பையோடு வீட்டிலிருந்து தெருமுனை வரை தனியாகப் போய்வாருங்கள். அப்புறம் ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கி மாடிப்படி ஒரு மாடி ஏறுங்கள். ஏற முடியவில்லை என்றால் எடையைக் குறையுங்கள். விமான நிறுவனம் 23 கிலோ அனுமதிக்கிறது என்பதற்காக 23 கிலோ கொண்டுவர வேண்டும் என்பதில்லை. குக்கர், தோசைக்கல் சரி. அரிசி, பருப்பு, மசாலா, ஷாம்பு எல்லாம் இங்கே கிடைக்கும். நெய், பால்கோவா, பால் சேர்ந்த இனிப்பு, இறைச்சி ஊறுகாய் இவையெல்லாம் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரவே கூடாது. கறிவேப்பிலையும் வேண்டாம். சுங்கத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னால் பறிமுதல் மட்டும் இல்லை, அதிலேயே ஒரு மணி நேரம் போகும்.

சக்கரமும் முக்கியம். நான்கு பக்கமும் சுழலும் சின்னச் சக்கரப் பெட்டி விமான நிலையத் தரையில் வழுக்கிக்கொண்டு போகும். ஆகனின் பழைய தெருக்களில் கல் பதித்த தரையில் அது சிக்கும், சில நேரம் உடைந்தே போகும். சாய்த்து இழுக்கிற, பெரிய இரண்டு சக்கரப் பெட்டி ஒன்றாவது இருந்தால் நல்லது. பாஸ்போர்ட், அட்மிஷன் கடிதம், பிளாக்டு அக்கவுண்ட் சான்று, இன்சூரன்ஸ், வாடகை ஒப்பந்தம், மருந்து, ஒரு மாற்று உடை, ஜாக்கெட் எல்லாம் முதுகுப்பையில். இமிகிரேஷனில் அட்மிஷன் கடிதத்தையும் தங்குமிடத்தையும் கேட்கலாம். அப்போது பெட்டி உங்கள் கையில் இருக்காது.

டாக்ஸியை மறந்துவிடுங்கள். ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்துக்கும் ஆகனுக்கும் சுமார் 250 கிலோமீட்டர், பல நூறு யூரோ ஆகும். FlixBus மலிவு. ஆனால் டிக்கெட்டோடு ஒரே ஒரு பெரிய பெட்டிதான் சேர்த்தி, அதுவும் 20 கிலோ வரை. இரண்டாவது பெட்டிக்குத் தனியாகப் பணம் கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். 23 கிலோ கட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு அது ஒத்துவராது. ரயிலில் பெட்டியை யாரும் எடை போட மாட்டார்கள். நீங்களே ஏற்றி நீங்களே இறக்க முடிந்தால் போதும்.

ரயிலில் நான் சொல்வது ஒன்றுதான்: மாறாமல் போகும் ரயிலாகப் பாருங்கள். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து பிரஸ்ஸல்ஸ் போகும் ICE விமான நிலையத்தில் நின்று, கொலோனில் நின்று, ஆகனிலும் நிற்கும். சில மணி நேரத்துக்கு ஒன்று என்றுதான் ஓடும். DB Navigator செயலியில் `Frankfurt(M) Flughafen Fernbf` என்பதிலிருந்து `Aachen Hbf` வரை தேடி, மாறுதல் இல்லாத பயணம் மட்டும் என்று வடிகட்டினால் அது தெரியும். அதற்காக விமான நிலையத்தில் ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தாலும் காத்திருங்கள். இரண்டு பெட்டியோடு ஒரு முறை இறங்கி ஏறுவது அந்தக் காத்திருப்பைவிடக் கஷ்டம்.

நேரடி ரயில் அமையாவிட்டால் கொலோனில் மாற வேண்டும். ஒரு மணி நேரத்தில் அதிவேகப் பாதையில் கொலோன் வந்துவிடும். அங்கேதான் ஒரு சிக்கல். எல்லா ICE-யும் கொலோன் தலைமை ஸ்டேஷனுக்குள் போகாது. சில ரயில்கள் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் `Köln Messe/Deutz` ஸ்டேஷனில் மட்டும் நின்று போய்விடும். செயலியில் `Köln Hbf` என்று இருக்கிறதா, Deutz என்று இருக்கிறதா என்று பார்த்தே டிக்கெட் எடுங்கள். Deutz-இல் ICE கீழ்த்தளத்திலும் ஆகன் போகும் வண்டி மேல்தளத்திலும் நிற்கலாம். லிஃப்டில் ஏற வேண்டிவரும். கொலோனிலிருந்து ஆகனுக்கு RE1, RE9 என்று இரண்டு வட்டார ரயில்கள் உண்டு, ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடும். தாழ்வான வாசல் கொண்ட கோச் வந்தால் ICE-ஐவிடச் சாமான் ஏற்றுவது சுலபமாகவே இருக்கும். மாறுவதற்குச் செயலி எட்டு நிமிட இடைவெளி காட்டும். அதை எடுக்காதீர்கள், அரை மணியாவது விட்டுத் தேடுங்கள். இன்னொன்று, கொலோன் தலைமை ஸ்டேஷனில் ஒரே மேடையில் முன்னும் பின்னுமாக இரண்டு ரயில் ஒரே நேரத்தில் நிற்கும். மேடை எண்ணோடு A–C, D–G என்ற எழுத்தும் போட்டிருப்பார்கள். அந்த எழுத்தையும் சேர்த்தே பாருங்கள். மேடை சரி என்று நினைத்து வேறு ஊர் வண்டியில் ஏறியவர்கள் உண்டு.

டிக்கெட் எப்போது வாங்குவது என்பதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். மலிவான Sparpreis டிக்கெட்டைச் சில வாரம் முன்பே எடுத்தால் குறைந்த விலையில் கிடைக்கும். ஆனால் அது அந்த ஒரு ICE-க்கு மட்டும்தான் செல்லும். விமானம் தாமதமானால் ரயில்வே பொறுப்பில்லை, டிக்கெட் வீண். விலை கூடுதலான Flexpreis டிக்கெட் அன்று எந்த ரயிலுக்கும் செல்லும். இவை இரண்டுக்கும் நடுவே Rail&Fly என்று ஒன்று இருக்கிறது. விமான டிக்கெட்டோடு சேர்த்து விமான நிறுவனமே விற்பது. இறங்கிய நாளிலோ மறுநாளிலோ எந்த ரயிலிலும் ஏறலாம். உங்கள் நிறுவனம் கொடுக்கிறதா என்று முதலில் கேளுங்கள், கொடுத்தால் யோசிக்கவே வேண்டாம். இல்லையென்றால், இறங்கும் நேரத்திலிருந்து மூன்று மணி நேரம் தள்ளி உள்ள நேரடி ரயிலுக்கு Sparpreis எடுங்கள். உங்கள் கணக்கில் 11 மணிக்குப் பிறகு கிளம்பும் முதல் நேரடி ரயில். ஆகனுக்கு ஒரு மணி, ஒன்றரைக்குப் போய்ச் சேருவீர்கள். அந்த நேரத்தைத்தான் ஹவுஸ்மாஸ்டருக்கு எழுத வேண்டும்.

ரயிலே தாமதமானால் விஷயம் வேறு. போய்ச் சேருகிற இடத்துக்கு 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால் Sparpreis வைத்திருப்பவரும் வேறு ரயிலில் ஏறலாம். செயலியிலேயே அந்தக் கட்டுப்பாடு நீங்கியதாகக் காட்டும். ஒரு திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கட்டும். டிக்கெட் பரிசோதகர் அடையாளம் கேட்கலாம். இருக்கை முன்பதிவு தனி, 5.50 யூரோ அளவில் ஆகும். வெள்ளிக்கிழமை ரயில்கள் நிறைந்து வழியும், கட்டாயம் போடுங்கள். மாணவர் செமஸ்டர் டிக்கெட் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அது பதிவு முடிந்து கைக்கு வந்த பிறகுதான், அதுவும் ICE-க்குச் செல்லாது.

இனி அன்றைய காலை. பெட்டியை எடுத்ததும் தள்ளுவண்டி ஒன்றைப் பிடியுங்கள். விமான நிலையத்தில் இலவச வைஃபை உண்டு. வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டு, ரயில் சரியான நேரத்துக்கு வருகிறதா என்று செயலியைப் பாருங்கள். வெளியே வந்ததும் `Fernbahnhof` என்ற பலகையைப் பின்தொடருங்கள். முதலாவது டெர்மினலிலிருந்து நடைமேம்பாலம் வழியாகப் பத்துப் பதினைந்து நிமிட நடை. வேறு டெர்மினலில் இறங்குகிறவர்கள் முதலில் இலவச உள் ரயிலிலோ பஸ்ஸிலோ முதலாவது டெர்மினலுக்கு வர வேண்டும்.

இங்கே இரண்டு ரயில் நிலையம் இருப்பதை மறக்காதீர்கள். டெர்மினலுக்கு நேர் கீழே இருப்பது `Regionalbahnhof`, மேடை 1 முதல் 3. நகர ரயிலும் வட்டார ரயிலும் அங்கே. உங்கள் ICE நிற்பது `Fernbahnhof`, மேடை 4 முதல் 7. "ஃபிராங்க்ஃபர்ட் மெயின் ஸ்டேஷனுக்குப் போய் ஏறு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது எதிர்த்திசை, வீண் அலைச்சல்.

மேடைக்கு லிஃப்டில் இறங்குங்கள், இரண்டு பெட்டியோடு எஸ்கலேட்டர் வேண்டாம். ரயில் வருவதற்கு இருபது நிமிடம் முன்னால் மேடையில் இருந்தால் போதும். மேடை நெடுக A, B, C என்று எழுத்துப் பலகைகள் தொங்கும். உங்கள் கோச் எந்த எழுத்துக்கு நேரே நிற்கும் என்பதைச் செயலியும் மேடைத் திரையும் காட்டும். அங்கே போய் நில்லுங்கள். அப்புறம் காதைத் தீட்டி வைத்திருங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் இரண்டு அறிவிப்பு வரலாம். மேடை மாறிவிட்டது என்பது ஒன்று. கோச் வரிசை தலைகீழாக வருகிறது என்பது இன்னொன்று. ஜெர்மன் புரியாவிட்டாலும் திரையில் வெள்ளைப் பட்டை ஓடும். சுற்றி நிற்கிறவர்கள் திடீரென்று நடக்க ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவரிடம் ஆங்கிலத்தில் கேளுங்கள், சொல்வார்கள். வரிசை தலைகீழாகிவிட்டால் உங்கள் கோச்சைத் தேடி மேடை நெடுக ஓட வேண்டாம். அருகில் இருக்கும் இரண்டாம் வகுப்புக் கோச்சில் ஏறிவிடுங்கள், வண்டி கிளம்பிய பிறகு உள்ளேயே நகர்ந்துகொள்ளலாம்.

ரயில் நிற்பது சில நிமிடம்தான். ICE வாசலில் இரண்டு மூன்று படி இருக்கும், வாசலும் குறுகல். இறங்குகிறவர்கள் இறங்கி முடிந்ததும், முதல் பெட்டியைத் தூக்கி உள்ளே வாசல் ஓரத்தில் நிறுத்துங்கள். நீங்கள் ஒரு காலைப் படியில் வைத்தபடியே திரும்பி இரண்டாவதை மேலே இழுங்கள். இரண்டையும் சேர்த்து ஏற்றப் பார்த்தால் நடுவில் மாட்டிக்கொள்ளும், பின்னால் இருபது பேர் நிற்பார்கள். பின்னால் இருப்பவரிடம் "பிட்டெ, கொண்டன் ஸீ மியர் ஹெல்ஃபன்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு கை கொடுப்பார்கள்.

உள்ளே போனால் தலைக்கு மேலே இருக்கும் தட்டில் 23 கிலோவைத் தூக்கி வைக்க நினைக்காதீர்கள். கோச்சின் முனையிலோ நடுவிலோ சாமான் வைக்கும் அலமாரி இருக்கும், கீழ்த்தட்டில் வையுங்கள். அது நிறைந்திருந்தால், முதுகுக்கு முதுகு காட்டி நிற்கும் இருக்கைகளுக்கு நடுவே ஒரு முக்கோண இடைவெளி இருக்கும், பெட்டி ஒன்று அதில் போகும். நடைபாதையில் மட்டும் நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும், முக்கியமாகக் கொலோனில், பெட்டி மேல் ஒரு கண் இருக்கட்டும். நல்ல கூட்டத்தில் பெட்டி இறங்கிப் போவது நடப்பதுதான். ஆகன் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னாலேயே பெட்டிகளை வாசலுக்கு நகர்த்திவிடுங்கள். அறிவிப்பு வந்த பிறகு எழுந்தால் நேரம் போதாது. தூங்கிப்போனால் அடுத்த நிறுத்தம் பெல்ஜியம், லியேஜ். நீண்ட பயணத்துக்குப் பிறகு தூக்கம் வரத்தான் செய்யும், அதனால் இறங்கும் நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னால் போனில் அலாரம் வையுங்கள்.

ஆகன் ஸ்டேஷனில் லிஃப்டில் கீழே வந்தால் முன்வாசல். பஸ் நிறுத்தமும் டாக்ஸி நிற்கும் இடமும் அங்கேயே இருக்கின்றன. பஸ் நன்றாகத்தான் ஓடுகிறது, அதற்குக் கண்டிப்பாக ஒரு நாள் பழகுவீர்கள். ஆனால் முதல் நாள் டாக்ஸி பிடியுங்கள். ஆகன் மேடும் பள்ளமுமான ஊர், மாணவர் விடுதிகள் பல மேட்டில் இருக்கின்றன. அக்டோபரில் மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஊருக்குள் மூன்று நான்கு கிலோமீட்டர் என்றால் பெரும்பாலும் 20 யூரோவுக்குள் முடிந்துவிடும். இந்தப் பயணத்தில் கணக்குப் பார்க்காமல் செலவழிக்க வேண்டிய இடம் இது ஒன்றுதான். விடுதியின் முழு முகவரியை, கட்டிட எண்ணோடு, தாளில் எழுதி டிரைவரிடம் காட்டுங்கள். பெட்டி இரண்டு என்று முதலிலேயே சொன்னால் பின்பகுதி பெரிய வண்டியாகக் கைகாட்டுவார். ஹவுஸ்மாஸ்டர் அலுவலகம் உங்கள் அறை இருக்கும் கட்டிடத்தில்தான் இருக்கும் என்பதில்லை. அதையும் மெயிலில் கேட்டு வையுங்கள்.

எங்கேயும் பெட்டியைத் தனியாக விட்டுவிட்டு நகராதீர்கள். நம்ம ஊரில் பக்கத்தில் இருப்பவரிடம் "பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவதுபோல இங்கே முடியாது. ஆளில்லாத பெட்டியைப் பார்த்தால் போலீஸைக் கூப்பிடுவார்கள், மேடையையே மூடுவார்கள். கழிப்பறைக்கும் பெட்டியோடுதான் போக வேண்டும், அதனால் அந்த வேலையை விமானத்தை விட்டு இறங்கியதும், பெட்டி கைக்கு வருவதற்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

சாவி வாங்கும்போது இரண்டு காரியம். அறையில் ஏற்கெனவே இருக்கும் கீறல், உடைசல், கறை எல்லாவற்றையும் ஒப்படைப்புத் தாளில் எழுதச் சொல்லி, நீங்களும் போட்டோ எடுத்து வையுங்கள். காலி செய்யும்போது முன்பணத்தில் கழிப்பது இதை வைத்துத்தான். இரண்டாவது, `Wohnungsgeberbestätigung` என்கிற தாளைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் அங்கே குடியேறியதற்கு வீட்டுக்காரர் தரும் சான்று. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரி பதிய அது வேண்டும். சில இடங்களில் மெயிலில் அனுப்புவார்கள்.

அறையில் கட்டில், மெத்தை, மேசை இருக்கும். போர்வை, தலையணை பெரும்பாலும் இருக்காது. ஒரு மெல்லிய போர்வையும் படுக்கை விரிப்பும் பெட்டியில் மேலாகவே இருக்கட்டும். சாவியோடு நீங்கள் உள்ளே போனபோது வெள்ளி மாலை மூன்று மணி என்றால், படுத்துவிடாதீர்கள். சூப்பர் மார்க்கெட் எட்டு மணிக்கோ பத்து மணிக்கோ மூடும், திரும்பத் திறப்பது திங்கள் காலை. ரொட்டி, பால், தயிர், முட்டை, அரிசி, வெங்காயம், உப்பு, குடிக்க எதுவும் வேண்டுமென்றால் அது, கழிப்பறைத் தாள், பாத்திரம் தேய்க்க ஒரு பஞ்சு. இரண்டரை நாளுக்கு வேண்டியதை அன்றைக்கே வாங்கிவிடுங்கள். விட்டுப்போனது ஏதாவது இருந்தால், ஞாயிறன்றும் ரயில் நிலையத்துக்குள் இருக்கும் சின்னக் கடை திறந்திருக்கும், விலை மட்டும் கூடுதல்.